இருபது நாள் பட்டியலும் ஒரு கறுப்புத் திங்களும்

நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரு லட்சம் ரூபாய் போட்டு வைத்திருக்கும் ஒருவர், “நாளைக்கு ஒரே நாளில் எனக்கு எவ்வளவு போகும்?” என்று கேட்டால் அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. அவரே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, “சந்தை இதுவரை நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பார்த்தால், ஒரு மோசமான நாளில் எவ்வளவு போகலாம்?” என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். பழைய நாள்களின் ஏற்ற இறக்கங்களை வரிசையாக எழுதிய ஒரு பட்டியல் போதும். பெரிய வங்கிகள் பலவும் தங்கள் சந்தை அபாயத்தை அளக்க அடிப்படையாக வைத்திருக்கும் முறை இதுதான். இதற்கு ஹிஸ்டாரிகல் சிமுலேஷன் என்று பெயர். அதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஒன்று, வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக ‘வார்’. இன்னொன்று, எக்ஸ்பெக்டெட் ஷார்ட்ஃபால். இதை ‘ஷார்ட்ஃபால்’ என்றே சொல்லிக்கொள்வோம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் வங்கிக்குத் தலைவராக இருந்த டென்னிஸ் வெதர்ஸ்டோன், அடுத்த 24 மணி நேரத்தில் வங்கிக்கு எவ்வளவு நஷ்டம் வரலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் அறிக்கை தினமும் மாலை 4.15 மணிக்குத் தன் மேசைக்கு வர வேண்டும் என்றார். வார் பிரபலமானதற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். 1996இல் வங்கிகளுக்கான பாசல் விதிகளும் வாரை ஏற்றுக்கொண்டன. அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள், அது எங்கே சறுக்குகிறது என்பதை நம் சந்தையின் ஒரு மாதத்தை வைத்தே பார்த்துவிடலாம். அந்த மாதம், 2020 மார்ச்.

பட்டியலை அடுக்குவது

மார்ச் 2 முதல் 30 வரை நிஃப்டி 20 நாள்கள் வர்த்தகமானது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் முடிவு விலையிலிருந்து எத்தனை சதவீதம் ஏறியது அல்லது இறங்கியது என்பது இது:

2ஆம் தேதி −0.62, 3ஆம் தேதி +1.53; 4ஆம் தேதி −0.46, 5ஆம் தேதி +0.16, 6ஆம் தேதி −2.48.
9ஆம் தேதி −4.90, 11ஆம் தேதி +0.07, 12ஆம் தேதி −8.30, 13ஆம் தேதி +3.81, 16ஆம் தேதி −7.61.
17ஆம் தேதி −2.50, 18ஆம் தேதி −5.56, 19ஆம் தேதி −2.42, 20ஆம் தேதி +5.83, 23ஆம் தேதி −12.98.
24ஆம் தேதி +2.51, 25ஆம் தேதி +6.62; 26ஆம் தேதி +3.89, 27ஆம் தேதி +0.22; 30ஆம் தேதி −4.38.

ரூபாயாகவோ புள்ளியாகவோ எழுதாமல் சதவீதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிய வேண்டியது அன்றைக்கு யாருக்கு எவ்வளவு போனது என்பதல்ல. இன்று கையில் இருக்கும் பணத்துக்கு அந்த நாள் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்பதுதான். மார்ச் 12 திரும்பி வந்தால் ஒரு லட்சத்தில் 8,300 ரூபாய் போகும். மார்ச் 25 திரும்பி வந்தால் 6,620 ரூபாய் கூடும். ஒவ்வொரு பழைய நாளையும் இன்றைய முதலீட்டின் மேல் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதால்தான் இதை சிமுலேஷன் என்கிறார்கள். கையில் பங்கும் தங்கமும் சேர்ந்து இருந்தால், ஒரே தேதியில் இரண்டும் எப்படி நகர்ந்தன என்பதைச் சேர்த்தே எடுக்க வேண்டும். பங்குக்கு ஒரு நாள், தங்கத்துக்கு வேறொரு நாள் என்று கலந்துவிட்டால், ஒன்று விழும்போது மற்றொன்று தாங்குமா, சேர்ந்தே விழுமா என்ற செய்தி தொலைந்துவிடும்.

இப்போது தேதிகளை மறந்துவிட்டு, மிக மோசமான நாள் மேலே வரும்படி அடுக்குவோம். 12.98, 8.30, 7.61, 5.56, 4.90, 4.38 என்று நஷ்டங்கள் இறங்கிக்கொண்டே போகும். பத்தில் ஒன்பது நாள்களில் நஷ்டம் எதைத் தாண்டவில்லை என்று கேட்போம். இருபதில் பத்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு நாள். மோசமான அந்த இரண்டு நாள்களை ஒதுக்கிவிட்டால் அடுத்து நிற்பது 7.61. மீதமுள்ள 18 நாள்களில் எதிலும் நஷ்டம் அதைத் தாண்டவில்லை. ஆக, 90 சதவீத வார் 7.61 சதவீதம், ஒரு லட்சத்துக்கு 7,610 ரூபாய்.

ஷார்ட்ஃபால் கேட்பது, ஒதுக்கிவைத்த அந்த இரண்டு நாள்களைப் பற்றி. வாரைத் தாண்டிப் போன நாள்களில் சராசரியாக எவ்வளவு நஷ்டம்? 12.98ஐயும் 8.30ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 10.64. ஒரு லட்சத்துக்கு 10,640 ரூபாய். வார் மோசமான நாள்களின் வாசலைக் காட்டுகிறது. ஷார்ட்ஃபால் வாசலுக்கு அப்பால் இருப்பதை அளக்கிறது.

ஒரே பட்டியல், மூன்று விடைகள்

இந்தக் கணக்கை எக்செல் தாளில் B2 முதல் B21 வரை எழுதி நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

```
=-SMALL(B2:B21,3)
=-PERCENTILE(B2:B21,0.1)
=-(SMALL(B2:B21,1)+SMALL(B2:B21,2))/2
```

முதல் வரி 7.61 என்று காட்டும். இரண்டாவது வரியும் வாரைத்தான் கேட்கிறது, ஆனால் 7.68 என்று காட்டும். எக்செல் 8.30க்கும் 7.61க்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தானே கணக்கிட்டு எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஒதுக்கும் நாள்களில் கடைசி நாளையே வார் என்று கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு விடை 8.30. இந்த மூன்றில் எதையும் தப்பென்று தள்ள முடியாது. பட்டியல் நீளமானால் வித்தியாசம் சுருங்கிவிடும். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது மட்டும், இரண்டிலும் ஒரே வழக்கம்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான தவறு ஷார்ட்ஃபாலில்தான் நுழைகிறது. “வாருக்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ உள்ள எல்லா நாள்களின் சராசரி” என்று எழுதிவிட்டால், 7.61 வந்த நாளும் உள்ளே வந்துவிடும். மூன்று நாள்களின் சராசரி 9.63. அது பத்து சதவீத நாள்களின் சராசரியே அல்ல, பதினைந்து சதவீத நாள்களுடையது. அபாயமும் குறைவாகத் தெரியும். பத்து சதவீதம் என்றால் இரண்டு நாள். சராசரியும் சரியாக அந்த இரண்டு நாள்களுக்குத்தான். கணக்கு முழு எண்ணாக வராத இடத்தில் பாதி நாளைப் பாதியாகவே சேர்க்க வேண்டும். 250 நாள் பட்டியலில் ஒரு சதவீதம் என்பது இரண்டரை நாள். முதல் இரண்டு நாள்களின் நஷ்டத்தை முழுதாகவும், மூன்றாவது நாளில் பாதியையும் கூட்டி, இரண்டரையால் வகுப்பார்கள்.

வாருக்குத் தெரியாதது

மார்ச் 23 திங்கட்கிழமை காலை, சந்தை பத்து சதவீதம் விழுந்ததும் வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பிறகும் விழுந்து, நாள் முடிவில் 12.98 சதவீதத்தில் நின்றது. அன்று அது 30 சதவீதம் விழுந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம். நம் பட்டியலின் 90 சதவீத வார் எவ்வளவு மாறும்? துளிகூட மாறாது. அப்போதும் மூன்றாவது இடத்தில் 7.61தான் நிற்கும். ஷார்ட்ஃபால் மட்டும் 10.64இலிருந்து 19.15க்குத் தாவும்.

இது வெறும் கணக்கு வேடிக்கை அல்ல. நூற்றில் 99 நாள் சிறு லாபம், எப்போதாவது ஒரு நாள் பெரிய அடி என்று அமையும் முதலீடுகள் சந்தையில் உண்டு. இன்றைய விலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஆப்ஷன்களை விற்று பிரீமியம் வாங்குவது அப்படிப்பட்டது. வாரை மட்டும் பார்த்து வரம்பு வைக்கும் நிறுவனத்தில், டிரேடர் ஒருவர் நஷ்டத்தையெல்லாம் அந்த ஒரு சதவீத வாலுக்குள் தள்ளிவிட்டால், அறிக்கையில் அபாயம் இறங்கியதாகவே காட்டும். ஷார்ட்ஃபால் அந்த வாலைக் கூட்டிப் பார்ப்பதால் இந்த ஏமாற்று அதனிடம் அவ்வளவு எளிதில் பலிக்காது. 2008 நெருக்கடிக்குப் பிறகு பாசல் குழு விதிகளைத் திரும்ப எழுதி 2016இல் வெளியிட்டபோது, 99 சதவீத வாரின் இடத்தில் 97.5 சதவீத ஷார்ட்ஃபாலை வைத்தது. வாலின் அபாயத்தை வார் பிடிப்பதில்லை என்பதையே அது காரணமாகச் சொன்னது.

ஷார்ட்ஃபாலுக்கும் ஒரு விலை உண்டு. 250 நாள் பட்டியலில் 99 சதவீத ஷார்ட்ஃபால் வெறும் இரண்டரை நாளின் மேல் நிற்கிறது. அதில் ஒரு நாள் பொய்யானால் எண் முழுவதும் பொய்யாகிவிடும். ஒரு கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தால், மறுநாள் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாகும். முதலீட்டாளருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கையில் பங்கு இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் சரிசெய்யாத விலைப்பட்டியலில் அது 50 சதவீத வீழ்ச்சியாகப் பதிவாகும். அந்த ஒரு பொய்யான நாளே ஷார்ட்ஃபாலில் 20 சதவீதப் புள்ளிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வாரோ பட்டியலில் ஒரு படி மட்டும் நகரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மிக மோசமான ஐந்து நாள்களின் தேதிகளைத் தனியாக எழுதி, அன்றைக்கு என்ன நடந்தது என்று தேடுவது. அன்றைய செய்தித்தாளில் காரணமே இல்லாத பெருவீழ்ச்சி, பெரும்பாலும் விலைப்பட்டியலின் கோளாறு.

பட்டியலுக்குத் தெரியாதது

இதுவரை பார்த்தது மார்ச் மாதம் முடிந்த பிறகு போட்ட கணக்கு. உண்மையான சோதனை, மார்ச் தொடங்குவதற்கு முன் கையில் இருந்த பட்டியல் என்ன சொன்னது என்பதுதான்.

2020 பிப்ரவரி 28ஆம் தேதி மாலை, அதற்கு முந்தைய 250 வர்த்தக நாள்களை ஒருவர் அடுக்குகிறார். முதலிடத்தில் அன்றைய நாளே நிற்கிறது: கொரோனா பயத்தில் 3.71 சதவீத வீழ்ச்சி. இரண்டாவது, பட்ஜெட் தாக்கலான பிப்ரவரி 1 சனிக்கிழமை: 2.51. மூன்றாவது, முந்தைய ஆண்டு பட்ஜெட்டுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை, 2019 ஜூலை 8: 2.14. ஆக 99 சதவீத வார் 2.14 சதவீதம். இரண்டரை நாள் கணக்கில் ஷார்ட்ஃபால் 2.92 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்கு, நூறு நாளில் ஒரு நாள் மட்டுமே 2,140 ரூபாய்க்கு மேல் போகும். அப்படிப் போகும் நாளில் சராசரியாக 2,920 ரூபாய் போகும் என்று பட்டியல் சொல்கிறது.

இனி தினமும் புதிய நாளைச் சேர்த்து, மிகப் பழைய நாளைக் கழித்து, மறுநாளுக்கான வாரைப் புதுப்பிப்போம். மார்ச் 6இல் நஷ்டம் 2.48, வார் உடைந்தது. இப்போது மூன்றாவது இடத்துக்கு 2.48 வருகிறது. மார்ச் 9இல் 4.90, மீண்டும் உடைந்தது. வார் 2.51 ஆகிறது. மார்ச் 12இல் 8.30. அதையும் பட்டியலில் சேர்த்த பிறகு வார் 3.71தான். மார்ச் 16இல் 7.61; வார் 4.90. மார்ச் 18இல் 5.56, வாரும் 5.56. மார்ச் 23இல் 12.98, அதற்குப் பிறகுதான் வார் 7.61க்கு ஏறியது.

ஒரே மாதத்தில் ஆறு முறை உடைந்திருக்கிறது. நூறு நாளுக்கு ஒரு முறை உடைய வேண்டிய எண் அது. 1996 பாசல் விதிகளின்படி, 250 நாளில் நான்கு முறை வரை உடைந்தால் பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்து முறை உடைந்தால் சிவப்பு. அந்த மார்ச் ஒன்றே இந்தக் கணக்கை மஞ்சளுக்குள் தள்ளிவிடும். உடைந்த நாள்கள் அடுத்தடுத்து வந்ததையும் பார்க்க வேண்டும். சந்தையில் ஒரு பெரிய அசைவுக்குப் பின்னால் இன்னொரு பெரிய அசைவு வருவது வழக்கம். பட்டியலோ ஓராண்டுக்கு முந்தைய அமைதியான நாளுக்கும் நேற்றைய புயலுக்கும் ஒரே எடையைக் கொடுக்கிறது. அதனால்தான் மார்ச் 12 போன்ற ஒரு நாள் முடிந்த பிறகும் வார் ஒரு படி மட்டும் ஏறியது.

ஏறும்போது மெதுவாக ஏறிய எண் இறங்கும்போதும் தாமதித்தது. 2020 டிசம்பரில் சந்தை புதிய உச்சங்களைத் தொட்டுக்கொண்டிருந்தபோதும் இந்தக் கணக்கின் வார் 7.61இலேயே நின்றது. 2021 மார்ச்சில் பழைய மார்ச் நாள்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலின் வாலிலிருந்து கழிந்தன. அந்த மாத இறுதியில் வார் சுமார் 4 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அதற்காகச் சந்தையில் புதிதாக எதுவும் நடக்க வேண்டியிருக்கவில்லை. 250 நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான். எனவே வார் திடீரென்று குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பட்டியலிலிருந்து அன்று எந்தத் தேதி வெளியேறியது என்பதை.

இந்தக் குறையைத் தணிக்க வழிகள் உண்டு. அண்மை நாள்களுக்கு அதிக எடை கொடுக்கலாம். அல்லது பழைய நாள்களின் அசைவை இன்றைய கொந்தளிப்பின் அளவுக்குப் பெருக்கியோ சுருக்கியோ எழுதலாம். இரண்டையும் 1990களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் முன்வைத்துவிட்டார்கள். இவற்றால் மார்ச் 12க்குப் பிறகு எண் வேகமாக ஏறியிருக்கும். ஆனால் பிப்ரவரி 28 அன்று கையிலிருந்த பட்டியலில் 13 சதவீத வீழ்ச்சிக்கான தடயமே இல்லை. இந்த இடத்தில் வாரும் ஷார்ட்ஃபாலும் ஒன்றுதான். இரண்டும் அதே பட்டியலைத்தான் படிக்கின்றன. 2.92 என்று சொன்ன ஷார்ட்ஃபாலும், மார்ச் முடிந்த பிறகு அதே முறையில் 10.03 என்று திருத்திச் சொன்னது.

எந்த நாள்கள் உள்ளே?

அந்தத் தடயம் வேறொரு பட்டியலில் இருந்தது. 2008 ஜனவரி 21 அன்று நிஃப்டி 8.70 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று 12.20 சதவீதம். 2008ஆம் ஆண்டு நாள்களை வைத்து அதே இரண்டரை நாள் கணக்கைப் போட்டால் ஷார்ட்ஃபால் 9 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 2020 மார்ச் முடிவில் கிடைத்த 10.03க்கு அது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழைய பட்டியல், முந்தைய ஓராண்டுப் பட்டியலைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்.

பாசலின் புதிய விதிகளில் வாரை எடுத்து ஷார்ட்ஃபாலை வைத்தது பலர் கவனித்த மாற்றம். அதற்குச் சமமான இன்னொரு மாற்றமும் அதில் உண்டு. அண்மைக் காலம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், வங்கி தன் இன்றைய முதலீட்டுக்கு மிக மோசமாக அமைந்த ஒரு 12 மாதத்தைப் பழைய ஆண்டுகளிலிருந்து தேடி எடுத்து, ஷார்ட்ஃபாலை அந்த நாள்களுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். அந்தத் தேடல் குறைந்தது 2007 வரை பின்னோக்கிப் போக வேண்டும். அமைதியான ஓராண்டு கழிந்தவுடன் பழைய புயல் கணக்கிலிருந்து நழுவிப் போவதற்கு இது போட்ட தாழ்ப்பாள்.

அதனால் ஒரு ஃபண்டின் அறிக்கையிலோ செயலியிலோ வார் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், அதோடு மூன்று விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை சதவீத நம்பகம், எத்தனை நாளுக்கான நஷ்டம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையான பட்டியல். முதல் இரண்டையும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். மூன்றாவதில் 2008உம் 2020உம் இல்லையென்றால், அந்த மார்ச்சின் இருபது நாள்களை நீங்களே பட்டியலோடு சேர்த்து ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளிதான், அறிக்கை சொல்லாமல் விட்ட அபாயம்.